புதுசா வர்ற பசங்களுக்கு 149 யூரோ பேக்கேஜ்: வீடு, சாப்பாடு, பேப்பர் வேலை. என்னென்ன சேர்க்கலாம்? (மாக்டபுர்க், ஜெர்மனி)

கொங்குநாட்டான் | 24 ஆகஸ்ட் 2025, இரவு 9.40

மாக்டபுர்க்ல மாஸ்டர்ஸ் மூணாவது செமஸ்டர். நானும் ரெண்டு நண்பர்களும் சேர்ந்து இந்த அக்டோபர்ல வர்ற நம்ம ஊர் பசங்களுக்கு ஒரு சர்வீஸ் ஆரம்பிக்கலாம்னு இருக்கோம். 149 யூரோ, முன்பணம். அதுக்கு ரூம் பிடிச்சுக் கொடுக்குறது, முதல் வாரம் சாப்பாடு, சிட்டி ரெஜிஸ்ட்ரேஷன், பேங்க், இன்சூரன்ஸ் எல்லாத்துக்கும் கூட வர்றது. நாங்க வந்தப்ப பட்ட பாடு அப்படி. விலை சரியா, வேற என்ன சேர்க்கலாம்னு சொல்லுங்க.

எல்பேக்கரை | 24 ஆகஸ்ட், இரவு 10.15

உங்க மூணு பேர் கிட்டயும் இருக்கிறது ஸ்டூடண்ட் ரெசிடென்ஸ் பெர்மிட்டா? அதை எடுத்து அதுல வேலை பத்தி என்ன எழுதியிருக்குன்னு படிச்சுட்டு வாங்க, மத்ததை அப்புறம் பேசுவோம்.

கொங்குநாட்டான் | 24 ஆகஸ்ட், இரவு 10.50

ஆமாக்கா ஸ்டூடண்ட் தான். வருஷத்துக்கு 140 முழு நாள் இல்லன்னா 280 அரை நாள்னு போட்டிருக்கு. நாங்க அதுக்குள்ள தான் செய்வோம்.

எல்பேக்கரை | 25 ஆகஸ்ட், காலை 7.05

அந்த 140 நாள் இன்னொருத்தர் கிட்ட சம்பளத்துக்கு வேலை பாக்குறதுக்கு. சொந்தமா தொழில் பண்ணி பில் போடுறது வேற கணக்கு, அதுக்கு வெளிநாட்டவர் ஆபீஸ்ல தனியா எழுதிக் கேட்டு அனுமதி வாங்கணும். கேட்டா கொடுக்கவே மாட்டாங்கன்னு இல்ல, ஆனா கேக்காம ஆரம்பிச்சு நாளைக்கு பெர்மிட் புதுப்பிக்கப் போறப்ப அக்கவுண்ட் ஸ்டேட்மெண்ட்ல பத்து பேர் 149, 149-னு போட்டது வரிசையா நின்னா என்ன பதில் சொல்லுவீங்க.

ரெண்டாவது, ரூம் பிடிச்சுக் கொடுக்கிறேன்னு முன்பணம் வாங்குறது. இங்க வீட்டுத் தரகுக்குன்னு ஒரு சட்டம் இருக்கு. வாடகை ஒப்பந்தம் கையெழுத்தாகுற வரைக்கும் தரகர் ஒரு பைசா வாங்கக்கூடாது, அட்வான்ஸ்னு கேக்கவே கூடாது. 2015 ஜூன்லேர்ந்து இன்னும் இறுக்கம்: தரகரை யார் கூப்பிட்டாங்களோ அவங்க தான் காசு கொடுக்கணும். குடி வர்றவர் கொடுக்கணும்னா, அவர் எழுத்துல கேட்டு, அவருக்காகவே தேடி அந்த வீடு கிடைச்சிருக்கணும். அதனால 149-ல "ரூம் பிடிச்சுத் தர்றோம்"ங்கிற வரியை இன்னைக்கே எடுத்துடுங்க.

உங்களைத் தடுக்குறதுக்காக எழுதலை. நான் 2018-ல தனியா வந்து இறங்கினவ, ஆறு வருஷமா ஒவ்வொரு அக்டோபரும் யாராவது ரெண்டு மூணு பேர் கூட அலையுறேன். தேவை நிஜம். எது தேவைங்கிறதுல தான் உங்க லிஸ்ட் தப்பா நிக்குதுன்னு நினைக்கிறேன். சாயங்காலம் விளக்கமா எழுதுறேன்.

புதுவரவு25 | 25 ஆகஸ்ட், மதியம் 1.20

அண்ணா எனக்கு செப்டம்பர் 28 ஃப்ளைட், ரூம் இருக்கா? 149 எந்த அக்கவுண்ட்டுக்கு அனுப்பணும்?

எல்பேக்கரை | 25 ஆகஸ்ட், மதியம் 1.45

தம்பி யாருக்கும் எதுவும் அனுப்பாதீங்க. இவர் இன்னும் யோசனை தான் கேக்குறார். உங்க விஷயத்துக்குத் தனியா வர்றேன்.

எல்பேக்கரை | 25 ஆகஸ்ட், இரவு 8.30

கொங்குநாட்டான், ஒரு பையன் கதையை முழுசா சொல்றேன், உங்க லிஸ்ட்டை அது பக்கத்துல வச்சுப் பாருங்க.

போன வருஷம், திருச்சிப் பையன், 2024 அக்டோபர் 2 ராத்திரி இங்க ஸ்டேஷன்ல இறங்கினான். மறுநாள் 3-ஆம் தேதி ஜெர்மன் ஒருமைப்பாட்டு நாள், நாடு முழுக்கக் கடை அடைப்பு. பெட்டியில இருந்த முறுக்கும் பருப்புப் பொடியும் தான் அன்னைக்கு. அவன் ஊர்லேர்ந்தே ஆறு வாரத்துக்கு ஒரு சப்லெட் ரூம் எடுத்துட்டு வந்திருந்தான், மாசம் 320. ரூம் நல்ல ரூம். ஊருக்குப் போன இன்னொரு மாணவனோட ரூம் அது, சும்மா கிடக்க வேண்டாம்னு கொடுத்தது.

இங்க வீடு மாறின 14 நாளுக்குள்ள நகராட்சி ஆபீஸ்ல முகவரி பதியணும், அதான் அன்மெல்டுங். அதுக்குப் போறப்ப வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங்னு ஒத்தப் பக்க ஃபார்ம் ஒண்ணு வேணும், "இவர் இந்தத் தேதியில என் வீட்டுக்குக் குடி வந்தார்"னு வீடு கொடுத்தவர் கையெழுத்துப் போட்டது. வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினா மட்டும் போதாது. இவன் கேட்டான், அந்த மாணவன் மாட்டேன்னுட்டான். ஏன்னா அவனே வீட்டுக்காரர்கிட்ட சொல்லாம தான் உள்வாடகைக்கு விட்டிருக்கான்.

அதுக்கப்புறம் ஒவ்வொண்ணா நின்னுச்சு. பதிவு இல்ல, அதனால வரி எண் கடிதம் வரலை. அவன் போன வங்கி பதிவுச் சான்று கேட்டுச்சு, அதனால கரண்ட் அக்கவுண்ட் இல்ல. அக்கவுண்ட் இல்லாததால, விசாவுக்காக முன்னாடியே கட்டி வைக்கிற பிளாக்ட் அக்கவுண்ட்ல அவனோட காசே 11,904 யூரோ உக்காந்திருந்தும் மாசம் 992 வெளிய வர வழி இல்ல. கையில கொண்டு வந்த 700 யூரோ நவம்பர் முதல் வாரம் தீர்ந்துபோச்சு. காசு இருக்கிற பையன், என்கிட்ட 200 யூரோ கடன் கேட்டப்ப அவன் முகத்தை இன்னைக்கும் மறக்க முடியலை.

அவனுக்கு ரூம் இருந்துச்சு, சாப்பாடு நானே கொடுத்தேன், கூட வரவும் ஆள் இருந்துச்சு. உங்க பேக்கேஜ்ல இருக்கிற மூணும் அவனுக்குக் கிடைச்சிருந்தும் மாட்டிக்கிட்டான். அந்த ஒத்தப் பக்க ஃபார்ம் கிடைக்குமான்னு ஃப்ளைட் ஏறுறதுக்கு முன்னாடி யாரும் அவனைக் கேக்க வைக்கலை. சர்வீஸ்னு ஒண்ணு இருந்தா அது அந்தக் கேள்வியில தான் ஆரம்பிக்கணும், அதுவும் ஆகஸ்ட்லயே.

நெல்லைச்சீமை | 25 ஆகஸ்ட், இரவு 9.10

இதுக்கு ஏன் இவ்ளோ பெரிய கதை. சப்லெட்டுன்னா நிஜமான வீட்டுக்காரர் கையெழுத்து தான் வேணும், அது கிடைக்காது. அதனால நண்பன் வீட்டு அட்ரஸ்ல பதிஞ்சுட்டு வேற எங்கயாவது தங்க வேண்டியது தான். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. 50, 100 வாங்கிட்டு அட்ரஸ் கொடுக்கிற ஆளுங்களும் இருக்காங்க. நான் பதிஞ்சது அப்படித்தான், எதுவும் ஆகலை.

எல்பேக்கரை | 25 ஆகஸ்ட், இரவு 9.55

ரெண்டு விஷயம் சொன்னீங்க, ரெண்டும் சரியில்ல.

சப்லெட்ல கையெழுத்துப் போட வேண்டியவர் உள்வாடகைக்கு விட்ட ஆள் தான், கட்டடத்து ஓனர் தேடிப் போக வேண்டியதில்ல. இது எனக்கே 2021 வரைக்கும் தெரியாது, நானும் நீங்க சொன்ன மாதிரியே நாலு பேருக்குத் தப்பா சொல்லியிருக்கேன். ஃபார்ம் கொடுக்கிறது அந்த ஆளோட சட்டக் கடமை. மறுத்தா பதிவு ஆபீஸ்ல போய் "கேட்டேன், கொடுக்கலை"ன்னு உடனே சொல்லணும், அவங்க அந்த ஆள்கிட்ட கேப்பாங்க. திருச்சிப் பையன் அதைச் செய்யத் தயங்கினான், ரூமை விட்டுத் துரத்திடுவாங்கன்னு பயம். அது புரியுது. அதனால தான் ஊர்லேர்ந்து காசு அனுப்புறதுக்கு முன்னாடியே கேக்கச் சொல்றேன்.

அட்ரஸ் விக்கிறது. நிஜமா நண்பன் வீட்ல தங்கினா அங்க பதியலாம், தப்பே இல்ல. தங்காம, தங்குற எண்ணமும் இல்லாம அட்ரஸ் மட்டும் கொடுக்குறது தடை, கொடுக்கிறவருக்கு 50,000 யூரோ வரைக்கும் அபராதம் போட இடம் இருக்கு. லேட்டா பதிஞ்சா அதிகபட்சம் 1,000 தான். வித்தியாசத்தைப் பாருங்க. கொங்குநாட்டான், யார் என்ன சொன்னாலும் இதை உங்க பேக்கேஜ்ல சேர்க்காதீங்க.

நெல்லைச்சீமை | 25 ஆகஸ்ட், இரவு 10.20

50,000 எல்லாம் யாருக்குப் போட்டாங்க. சரி, சப்லெட் கையெழுத்து விஷயம் எனக்குப் புதுசு.

எல்பேக்கரை | 26 ஆகஸ்ட், மாலை 6.40

புதுவரவு தம்பி எனக்கு மெசேஜ்ல அனுப்பின ரூம் விளம்பரத்தை அவர் சம்மதத்தோட இங்க சொல்றேன். சிட்டி நடுவுல, 45 சதுர மீட்டர், சாமான் எல்லாம் இருக்கு, ஹீட்டிங் எல்லாம் சேர்த்த வாடகை, அதான் வார்ம், 290. ஓனர் வேற நாட்டுல வேலை பாக்குறாராம், நேர்ல காட்ட முடியாதாம், ஒரு மாச வாடகையும் டெபாசிட்டும் அனுப்பினா சாவி கூரியர்ல வருமாம். நம்பிக்கைக்குத் தன்னோட பாஸ்போர்ட் போட்டோ அனுப்பியிருக்கார்.

தம்பி, அந்த பாஸ்போர்ட் போட்டோ இதே மாதிரி ஏமாந்த இன்னொரு பையனோடதா இருக்கலாம். அதனால உங்க பாஸ்போர்ட்டையும் அனுப்பாதீங்க. அனுப்பிட்டீங்களா?

புதுவரவு25 | 26 ஆகஸ்ட், மாலை 7.00

பாஸ்போர்ட் அனுப்பிட்டேன் அக்கா. காசு இன்னும் அனுப்பலை. நாளைக்குள்ள அனுப்பலன்னா வேற ஆளுக்குப் போயிடும்னு சொல்றார்.

எல்பேக்கரை | 26 ஆகஸ்ட், மாலை 7.10

போகட்டும். பேச்சை நிறுத்துங்க, ஆனா மெயில் எல்லாத்தையும் அழிக்காம வைங்க. அந்தத் தெரு நான் ஆபீஸ் போற வழி, நாளைக்குக் காலையில போய் பாக்குறேன்.

எல்பேக்கரை | 27 ஆகஸ்ட், காலை 8.50

பாத்துட்டேன். விளம்பரத்துல சொன்ன நம்பர்ல இருக்கிறது பல் டாக்டர் கிளினிக்கும் ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸும். மேல குடியிருப்பே இல்ல. போய்ட்டு வர எனக்கு ஆனது பன்னெண்டு நிமிஷம்.

கொங்குநாட்டான், இப்ப புரியுதா உங்க சர்வீஸ் எதுன்னு? ரூம் தேடித் தர வேண்டாம். அவங்களே தேடிக்கட்டும், இணையத்துல வேணுங்கிற அளவு இருக்கு. நீங்க போய்ப் பாத்துச் சொல்லுங்க. ஊர்ல இருக்கிற பையனால முடியாத ஒரே வேலை அது தான்.

கொங்குநாட்டான் | 27 ஆகஸ்ட், காலை 10.30

அக்கா, உண்மையிலேயே நெஞ்சு பக்குன்னு ஆயிடுச்சு. போய்ப் பாக்குறோம்னா என்னென்ன பாக்கணும்? போட்டோ எடுத்து அனுப்பினா போதுமா?

எல்பேக்கரை | 27 ஆகஸ்ட், இரவு 9.20

போட்டோ போதாது, பையனை வீடியோ கால்ல வச்சுக்கிட்டே நடங்க. தெரு முனையிலேர்ந்து ஆரம்பிங்க, கட்டட நம்பர் தெரியணும், கீழ தபால் பெட்டிகள் தெரியணும். ரூம் விடுற ஆளோட பேரு அந்தப் பெட்டியில இருக்கான்னு பாருங்க. பெல்லுலயும் அதே பேரு இருக்கணும். இல்லன்னா உள்ள போறதுக்கு முன்னாடியே கேளுங்க.

உள்ள போனா முதல்ல கிச்சன். நம்ம ஊர்ல சமையலறைன்னா மேடை, சிங்க் இல்லாம இருக்காது. இங்க முழு வீடு எடுத்தா வெறும் சுவரும் தண்ணிக் குழாய் முனையும் மட்டும் இருக்கலாம், அடுப்பு, சிங்க், அலமாரி எல்லாம் முன்னாடி இருந்தவர் கழட்டிட்டுப் போயிருப்பார். விளக்குக்கூட இருக்காது, கூரையில வயர் மட்டும் தொங்கும். 2022-ல ரெண்டு பொண்ணுங்க போட்டோவைப் பாத்து வீடு எடுத்தாங்க, போட்டோல இருந்த கிச்சன் பழைய குடித்தனக்காரரோடது. வேணும்னா 900 கொடுத்து வாங்கிக்கலாம்னார். ரெண்டு மாசம் ஒத்தை எலக்ட்ரிக் அடுப்பைத் தரையில வச்சு சமைச்சாங்க. அதனால "இந்தக் கிச்சன் வாடகையில சேருதா"ன்னு ஜெர்மன்ல ஒரு வரி எழுதி வாங்கிடணும்.

அப்புறம் வாடகை கணக்கு. வாடகை 340 வார்ம்னா அதுக்குள்ள ஹீட்டிங், தண்ணி, குப்பை இருக்கும். கரண்டும் இன்டர்நெட்டும் சில வீட்ல உள்ள, சில வீட்ல வெளிய. இதைக் கேக்காம வந்து மாசம் 60, 70 கூடப் போச்சுன்னு புலம்பாதவங்க குறைவு.

கடைசியா அந்த ஒத்தப் பக்க ஃபார்ம், மேல சொன்னது தான். "கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா, எந்தத் தேதி போடுவீங்க"ன்னு நேர்ல கேளுங்க. முகத்தைப் பாத்தாலே தெரிஞ்சுடும்.

குடி வர்ற அன்னைக்கு இன்னொரு தடவை போங்க. சுவத்துல கீறல், ஜன்னல் பூஞ்சை, மீட்டர் ரீடிங் எல்லாம் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டா, காலி பண்றப்ப டெபாசிட்ல கை வைக்க முடியாது.

நெல்லைச்சீமை | 28 ஆகஸ்ட், காலை 9.00

டெபாசிட்டு பத்தி சொல்லுங்க. மூணு மாச வாடகை ஒரேயடியா கட்டினா தான் சாவி. எனக்கு 1,020 போச்சு.

எல்பேக்கரை | 28 ஆகஸ்ட், மதியம் 12.30

உங்க கிட்ட கூடுதலா வாங்கிட்டாங்க. மூணு மாசம்னு சட்டம் சொல்றது கோல்ட் வாடகைக்கு, ஹீட்டிங் சேர்த்த வார்முக்கு இல்ல. அதுவும் மூணு தவணையில கட்ட உரிமை இருக்கு: குடி வர்றப்ப ஒண்ணு, அடுத்த ரெண்டு மாச வாடகையோட ஒவ்வொண்ணு.

வார்ம் 340, கோல்ட் 260-னு வைங்க. டெபாசிட் 780. ஒரேயடியா கட்டினா முதல் மாசம் 340-ம் 780-ம் சேர்ந்து 1,120. பிளாக்ட் அக்கவுண்ட்லேர்ந்து வர்றதே 992 தான், அப்ப முதல் மாசமே கடன். தவணையில கட்டினா 600. ஹெல்த் இன்சூரன்ஸுக்கு 145 எடுத்து வச்சாலும் கையில 247 நிக்கும். பையன் சாப்பிடுவானா மாட்டானாங்கிறது அந்தத் தவணையில இருக்கு. வீட்டுக்காரர் முகம் சுளிப்பார், ரூமுக்குப் போட்டி இருக்கிற ஊர்ல அடுத்த ஆளுக்குக் கொடுத்துடுவாரோன்னு பயமாவும் இருக்கும். கையெழுத்து ஆனப்புறம் தவணை கேக்குறது நல்லது, இது என் அபிப்பிராயம், சில பேருக்கு நேர்மையில்லாத மாதிரி தோணலாம்.

நெல்லைச்சீமை | 28 ஆகஸ்ட், மதியம் 12.50

எனக்கு அப்படித்தான் தோணுது. முன்னாடியே சொல்லிட்டுப் போறது தான் மரியாதை. ஆனா 1,020-ல எவ்வளவு கூடுதல்னு பாத்தேன், 240. இப்ப கேக்கலாமா?

எல்பேக்கரை | 28 ஆகஸ்ட், மதியம் 1.05

எழுத்துல கேளுங்க. குடித்தனக்காரர் சங்கம் இருக்கு, உறுப்பினர் ஆனா அவங்க வக்கீலே கடிதம் எழுதித் தருவார்.

கும்மோணத்துக் கைப்பக்குவம் | 30 ஆகஸ்ட், மாலை 5.15

சாப்பாட்டை யாருமே தொடலையே. நான் 2023-ல என் ரூம்லயே சமைச்சு டப்பா போட்டேன், சாம்பார் சாதம், லெமன் சாதம், ஒரு டப்பா 4 யூரோ. பதினெட்டு பேர் வரைக்கும் வாங்கினாங்க. அப்புறம் கூட இருந்தவர் ஒருத்தர் புகார் பண்ணிட்டார், படிக்கட்டு பூரா தாளிப்பு வாசனைன்னு. நிறுத்திட்டேன். மனசு ரொம்பக் கஷ்டமா போச்சு. ஆனா தேவை இருக்கு தம்பி, சாப்பாட்டை விடாதீங்க.

எல்பேக்கரை | 30 ஆகஸ்ட், இரவு 8.00

அண்ணா உங்க லெமன் சாதத்தை நானே ரெண்டு தடவை வாங்கியிருக்கேன்னு நினைக்கிறேன், ரயில்வே லைன் பக்கத்து வீடு தானே?

வாசனைப் புகாரோட போனது நல்லது. காசுக்குச் சமைச்சுக் கொடுக்கணும்னா தொழில் பதிவு, சுகாதார ஆபீஸ்ல தொற்றுநோய் பத்தின வகுப்பு, சமையல் இடத்துக்கு உணவுப் பாதுகாப்பு விதி எல்லாம் இருக்கு. வாடகை ரூம்ல அது ஆகாது. பதினெட்டுல ஒருத்தருக்கு வயிறு கெட்டிருந்தா நீங்க தனியா நின்னிருப்பீங்க.

என் யோசனை வேற. சமைச்சுக் கொடுக்க வேண்டாம், சமைக்கிற மாதிரி ஆக்கிவிடுங்க. மெஸ்ஸுன்னா ஆறு மாசம் கழிச்சும் உங்களை நம்பி இருப்பாங்க.

கும்மோணத்துக் கைப்பக்குவம் | 30 ஆகஸ்ட், இரவு 8.25

அதே வீடு தாம்மா! சரி, என் பங்குக்கு: பசங்க வந்ததும் இந்தியக் கடைக்கு ஓடி அஞ்சு கிலோ பொன்னியைத் தூக்கிட்டு வருவாங்க, விலை ரெண்டு மடங்கு. பொங்கலுக்கும் தயிர் சாதத்துக்கும் சூப்பர் மார்க்கெட்ல மில்ஷ்ரைஸ்னு ஒரு குட்டை அரிசி இருக்கு, பாயாசம் மாதிரி செய்றதுக்காக வச்சிருப்பாங்க, நம்ம பொங்கலுக்கு அப்படியே குழையும். சாம்பாருக்கு துருக்கிக் கடைல செம்பருப்பு, பதினஞ்சு நிமிஷத்துல வெந்துடும், குக்கர் வேண்டாம். துவரம்பருப்புக்கு ஏங்காம ஒரு மாசம் இதை வச்சு ஓட்டலாம். தயிருன்னு நினைச்சு குவார்க்கை வாங்கிடாதீங்க, அது கெட்டியா பன்னீரைக் கரைச்ச மாதிரி இருக்கும், ரசம் சாதத்தோட சேராது. யோகுர்ட், 3.5 சதவீதம்னு போட்டது தான் நம்ம தயிர். உறை ஊத்தவும் அது போதும்.

எல்பேக்கரை | 30 ஆகஸ்ட், இரவு 8.50

இது தான் வேணும். இந்த வருஷம் அக்டோபர் 3 வெள்ளிக்கிழமை. 2-ஆம் தேதி ராத்திரி வந்து இறங்குறவனுக்கு மறுநாள் கடை இல்ல, சனிக்கிழமை ஒரு நாள் திறக்கும், ஞாயித்துக்கிழமை திரும்ப அடைப்பு. சனிக்கிழமை அசந்து தூங்கினா மூணு நாள் போச்சு. அதனால ஒரு பை: ஒரு கிலோ அரிசி, அரைக் கிலோ செம்பருப்பு, எண்ணெய் சின்ன பாட்டில், உப்பு, மஞ்சள், வெங்காயம், தயிர், ரொட்டி. பொருள் விலைக்கே கொடுங்க, மேல ஒண்ணும் வைக்காதீங்க. கூட ஒரு பழைய சட்டியும் கரண்டியும் கடனா.

கொங்குநாட்டான் | 31 ஆகஸ்ட், காலை 11.00

எல்லாம் சரிக்கா, ஆனா காசு வாங்காம எப்படி? மூணு பேரும் பார்ட் டைம் வேலையை விட்டுட்டுத் தான் இதைச் செய்யணும். ஒருத்தருக்கு ரூம் பாக்கவே ரெண்டு மணி நேரம் ஆகும்.

நெல்லைச்சீமை | 31 ஆகஸ்ட், காலை 11.20

இதுல நான் தம்பி பக்கம். சும்மா செஞ்சா மதிக்க மாட்டாங்க, ராத்திரி 2 மணிக்கு போன் பண்ணுவாங்க, வர்றேன்னு சொல்லிட்டு வர மாட்டாங்க. காசு கொடுத்தா தான் நேரத்துக்கு வருவாங்க.

எல்பேக்கரை | 31 ஆகஸ்ட், மாலை 4.45

நெல்லைச்சீமை சொல்றதுல நியாயம் இருக்கு, 2023-ல என்னை ஆபீஸ் வாசல்ல ஒரு மணி நேரம் நிக்க வச்சுட்டு வராம போன பையன் இருக்கான். நானே இதுல தெளிவா இல்ல.

ஆனா ஒரு வழி இருக்கு, நேத்து எழுதணும்னு நினைச்சு விட்டுட்டேன். யுனிவர்சிட்டிக்குள்ளயே மாணவர் உதவியாளர் வேலை இருக்கே, ஹீவின்னு சொல்வோமே, அந்த மாதிரி படிப்போட சம்பந்தப்பட்ட வேலைக்கான மணி நேரம் அந்த 140 நாள் கணக்குல வராது. புது வெளிநாட்டு மாணவர்களுக்கு வழிகாட்டுற ட்யூட்டர் வேலையை யுனிவர்சிட்டிகள் செமஸ்டர் ஆரம்பத்துல போடுறது உண்டு. இன்டர்நேஷனல் ஆபீஸ்ல போய், "நாங்க மூணு பேர், தமிழ், ஹிந்தி, இங்கிலீஷ், கொஞ்சம் ஜெர்மன் பேசுவோம், இத்தனை பேர் வர்றாங்க, இதைச் செய்யத் தயாரா இருக்கோம்"னு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க. சம்பளம் அவங்க கிட்டேர்ந்து வரும், பசங்க கிட்டேர்ந்து வாங்க வேண்டாம், அனுமதிப் பிரச்சினையும் இல்ல.

அது நடக்கலன்னா சங்கமா பதியலாம், அதுக்கு ஏழு பேர் வேணும், இந்த அக்டோபருக்கு ஆகாது.

கொங்குநாட்டான் | 9 செப்டம்பர், மாலை 3.30

போனோம். ட்யூட்டர் இடம் ரெண்டு தான் மிச்சம், மாசம் 20 மணி நேரம். நானும் இன்னொருத்தனும் சேர்ந்துட்டோம். மூணாவது நண்பன் விலகிட்டான், அவனுக்கு இதுல வருமானம் வேணும்னு தான் ஆசை, கோபம் இல்ல. இதுவரைக்கும் நாலு ரூம் போய்ப் பாத்தோம். ஒண்ணுல ஃபார்ம் கேட்டதும் அந்த ஆள் பேச்சை மாத்தினார், பையன்கிட்ட வேண்டாம்னுட்டோம்.

எல்பேக்கரை | 9 செப்டம்பர், இரவு 7.40

நல்லது தம்பி. பாத்த நாலுல ஒண்ணைத் தட்டிக்கழிச்சீங்கல்ல, அந்தப் பையனுக்கு நவம்பர் வரைக்கும் இருந்திருக்கக்கூடிய தலைவலி இல்லாம போச்சு.

எல்பேக்கரை | 21 செப்டம்பர், காலை 10.10

விட்டுப்போன ரெண்டு விஷயம், ரெண்டும் தபால் பெட்டி.

ஒண்ணு. பதிவு முடிஞ்சதும் வரி எண் கடிதம் தபால்ல தான் வரும், ரெண்டு மூணு வாரம் ஆகும். தபால்காரர் பெட்டியில இருக்கிற பேரைப் பாத்துத் தான் போடுவார், ஃப்ளாட் நம்பர்னு ஒண்ணு பெரும்பாலும் இங்க கிடையாது. பேரு ஒட்டலன்னா கடிதம் திரும்பிப் போயிடும், பையன் வரலை வரலைன்னு காத்துக்கிட்டே இருப்பான். நம்ம பசங்களுக்கு இன்னொரு சிக்கல், பாஸ்போர்ட்ல அப்பா பேரு தான் குடும்பப் பேரு இடத்துல இருக்கும், கடிதம் அந்தப் பேருக்கு வரும். பெட்டியில கூப்பிடுற பேரை மட்டும் ஒட்டினா பிரயோஜனம் இல்ல, ரெண்டையும் ஒட்டுங்க. ஒரு பேப்பரும் செலோடேப்பும் போதும், குடி வந்த அன்னைக்கே.

ரெண்டு. பதிவு முடிஞ்ச கொஞ்ச நாள்ல ஒளிபரப்புக் கட்டணக் கடிதம் வரும், மாசம் 18.36. டிவி இல்லையேன்னு தூக்கிப் போடக்கூடாது, அது வீட்டுக்கான கட்டணம், டிவிக்கு இல்ல. 2018-ல நான் தூக்கிப் போட்டேன். அப்ப மாசம் 17.50, 14 மாசம் கழிச்சு 245-ம் தாமதக் கட்டணமும் சேர்ந்து வந்துச்சு, அந்த மாசம் அழுதுக்கிட்டே கட்டினேன். பகிர்ந்து இருக்கிற வீடுன்னா ஒரு வீட்டுக்கு ஒண்ணு தான், ஏற்கனவே ஒருத்தர் கட்டினா அவரோட நம்பரை எழுதி அனுப்பினா போதும், மாசம் ஆளுக்குப் பங்கு பிரிச்சுக்கலாம்.

கும்மோணத்துக் கைப்பக்குவம் | 21 செப்டம்பர், காலை 10.40

அந்த அப்பா பேரு விஷயம் ரொம்ப உண்மை. என் கடிதம் எல்லாம் எங்க அப்பாவுக்குத் தான் வருது, எட்டு வருஷமா இங்க அவர் தான் குடியிருக்கார்.

புதுவரவு25 | 29 செப்டம்பர், இரவு 11.15

வந்துட்டேன் அக்கா. கொங்குநாட்டான் அண்ணா ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். அவர் பாத்துச் சொன்ன ரூம் தான், மூணு பேர் பகிர்ந்த வீடு, வார்ம் 315. ஃபார்ம் கையெழுத்தாகி என் கையில இருக்கு. பையில இருந்த அரிசியில சாதம் வடிச்சேன், கொஞ்சம் குழைஞ்சுபோச்சு. பதிவு ஆபீஸ்ல அப்பாயின்மெண்ட் பாத்தா அக்டோபர் 20 தான் இருக்கு, அது 14 நாளைத் தாண்டிடுதே?

எல்பேக்கரை | 30 செப்டம்பர், காலை 6.50

அதை எடுத்துட்டு, எடுத்த தேதி தெரியுற மாதிரி உறுதி மெயிலை பிரிண்ட் போட்டு வைங்க, நீங்க தாமதிக்கலைன்னு அது காட்டும். தினமும் காலையில ஆபீஸ் திறக்கிற நேரத்துல பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பாருங்க, யாராவது ரத்து பண்ணின இடம் வரும். போன வருஷம் ஒரு பொண்ணுக்கு அப்படி 9 நாள் முன்னாடி கிடைச்சது. பாஸ்போர்ட் நகல் அனுப்பினீங்கல்ல, அதை இங்க போலீஸ்ல ஒரு புகாரா பதிஞ்சு வைக்கணும், நாளைக்கு உங்க பேர்ல யாராவது ஏமாத்தினா காட்ட. அதுக்கு நானே கூட வர்றேன், வியாழக்கிழமை சாயங்காலம் முடியுமா? வெள்ளி லீவு.

புதுவரவு25 | 30 செப்டம்பர், காலை 7.20

முடியும் அக்கா. பெட்டியில என் பேரு, அப்பா பேரு ரெண்டையும் ஒட்டிட்டேன்.